மலைநாட்டுத் தொடர்மாடிப் பல்கனியில் கறிவேப்பிலையும் துளசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்தாலே கறிவேப்பிலை மஞ்சளாகி இலையெல்லாம் கொட்டுது. செத்துப்போச்சா, இல்லை சும்மா இருக்கா?

தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகவும் காய்ந்தும் இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. நுனியில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி இரண்டு மூன்று இடத்தில் கீறுங்கள். நுனி காய்ந்து அடி பச்சையாக இருப்பது இங்கே சகஜம். பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்துதான் மாசியிலோ பங்குனியிலோ புதுக் கொழுந்து வரும்.

கறிவேப்பிலை வெப்பத்துக்குப் பழகிய மரம். ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே போனால் அது வளர்வதை நிறுத்திவிடும், பழைய இலைகளையும் உதிர்க்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பமே கிட்டத்தட்ட அந்த 16 பாகைதான். அதனால் நுவரெலியாவில் இந்தச் செடி வருடம் முழுவதும் விளிம்பில்தான் நிற்கிறது. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் சோர்ந்துபோகும். கண்டி, பதுளையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. வந்தால் காரணம் குளிராக இருக்காது, சாடிக்குள் தேடுங்கள்.

சாடிக்குள் என்ன தேடுவது? நான் தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறேனே.

அந்தச் செம்புதான் காரணமாக இருக்கும். வெறும் குளிர் இந்தச் செடிகளைச் சோர வைக்கும், அவ்வளவுதான். குளிரில் ஊறிக் கிடக்கும் வேர்தான் கொல்கிறது. இலையும் வெயிலும் குறைவாக இருக்கும் நாட்களில் செடி தண்ணீரை இழுப்பதில்லை, மண்ணும் காய்வதில்லை. ஊற்றுவது அப்படியே கிடக்க, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகத் தொடங்கும். வேர் அழுகிய செடி வாடித்தான் நிற்கும். வாடியதைப் பார்த்து இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். மலைநாட்டில் பல்கனிக் கறிவேப்பிலை சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள், சாடியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாக ஊற்றிய அன்று ஒருமுறை தூக்கிப் பார்த்தால் கனம் கைக்குப் பழகிவிடும். அது தெளிவாகக் குறைந்த பிறகே அடுத்த தண்ணீர். பெரிய சாடி என்றால் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள், அங்கே ஈரம் தட்டினால் அன்று வேண்டாம். பங்குனி, சித்திரையில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்கும் அதே சாடி, தையில் பத்து நாளானாலும் கேட்காமல் இருக்கலாம்.

ஊற்றும் நேரமும் முக்கியம். சமவெளியில் மாலையில் ஊற்றச் சொல்வார்கள், அங்கே அது சரி. இங்கே மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க வேர் குளிர்ந்த சேற்றில் நிற்கும். காலை ஒன்பது பத்து மணிக்கு, வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு ஊற்றுங்கள். விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கிறதென்றால் பக்கெட்டில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிட்டு அப்புறம் ஊற்றலாம்.

நுவரெலியாவில் மூன்றாம் மாடி. ஆவணியில் கண்டியிலிருந்து கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்து பெரிய சாடியில் தோட்டத்து மண் போட்டு நட்டேன். இப்போது தை. எல்லா இலையும் மஞ்சள், அடியில் ஒரு மாதிரி வாடை. காப்பாற்ற முடியுமா அக்கா?

முடிந்தது. இவருடைய செடியில் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், பலருக்கும் இதே கதைதான்.

முதலில், வெப்பமான ஊரில் வளர்ந்த கன்று குளிர் நெருங்கும் நேரத்தில் மலை ஏறியிருக்கிறது. வேர் பிடிக்க அதற்கு நல்ல மாதங்களே கிடைக்கவில்லை. இரண்டாவது, ஒரு முழம்கூட இல்லாத கன்றுக்குப் பதினாறு அங்குலச் சாடி. வேர் எட்டாத மண் எல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு காயாமல் கிடந்தது. மூன்றாவது, தேயிலைத் தோட்டத்துச் செம்மண். மலைச்சரிவில் அது தண்ணீரை நன்றாக வடிக்கும், சாடியில் அடைத்து நாலு தரம் தண்ணீர் ஊற்றினால் இறுகிப்போகும். வாடைதான் முடிவான அடையாளம். நல்ல மண் மழை பெய்த மண் மாதிரி மணக்கும், அழுகிய வேர் சாக்கடை நாற்றம் அடிக்கும்.

வெயிலான ஒரு முற்பகலில் செடியைச் சாடியோடு சரித்து வெளியே எடுத்தார். வேரைக் கழுவிப் பார்த்தால் வெளிவேர் முக்கால்வாசி கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் மிஞ்சியது. நடுவேர் மட்டும் வெளிறிய நிறத்தில், உறுதியாக இருந்தது. நடுவேரும் கறுத்திருந்தால் விட்டுவிடச் சொல்லியிருப்பேன். கறுத்ததையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, மேலேயும் தண்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். மிஞ்சிய வேரால் அத்தனை தண்டையும் தாங்க முடியாது. பிறகு வேர் மட்டும் கொள்ளும் எட்டு அங்குலச் சாடியில், மணல் தூக்கலாகக் கலந்த புது மண்ணில் நட்டு, ஒருமுறை தண்ணீர் ஊற்றி வடியவிட்டார். பசளை எதுவும் போடவில்லை. இந்த நிலையில் பசளை போட்டால் வெட்டுப்பட்ட வேர் எரிந்துபோகும்.

சாடியைச் சமையலறை ஜன்னலோரம் வைத்து, மேலே ஒரு பெரிய சொப்பிங் பேக்கைக் குச்சி கொடுத்துக் கூடாரம் போல் கவிழ்த்தார். பகலில் ஒரு மணி நேரம் அதைத் திறந்து காற்று விடச் சொன்னேன், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மாசி முழுவதும் ஒரு மாற்றமும் இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து பிடுங்கிப் பார்ப்பார்கள். பங்குனி நடுவில் அடித்தண்டில் இரண்டு சிவந்த முளை வந்தது. அதன் பிறகுதான் பேக்கை எடுத்தார், வைகாசிக்குள் செடி பல்கனிக்குத் திரும்பியது.

மண் கலவை எப்படி? சாடி எந்த அளவு?

தோட்டத்து மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கொம்போஸ்ட் ஒரு பங்கு, பருமனான ஆற்று மணல் ஒரு பங்கு, கிடைத்தால் உமிக்கரி ஒரு பங்கு. நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன் போலத் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஊர்களில் மணலை இன்னும் கொஞ்சம் கூட்டலாம். ஊவாப் பக்கம், பண்டாரவளை, ஹப்புத்தளையில் ஆனி முதல் ஆவணி வரை காய்ந்த காற்று வீசும். அங்கே மணலைக் குறைத்து ஒரு பங்கு தும்புத்தூள் சேருங்கள்.

தேயிலை மண் புளிப்பு மண். கறிவேப்பிலை லேசான புளிப்பைத் தாங்கும், தேயிலை அளவுக்குத் தாங்காது. பன்னிரண்டு அங்குலச் சாடிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் கலந்தால் சரியாகிவிடும். தோட்டங்களில் கொழுந்து மலைக்குப் போடுகிற அதே டொலமைட்தான்.

சாடியைப் படிப்படியாக ஏற்றுங்கள். கன்றுக்கு ஆறு அங்குலம், வேர் அடித்துளையில் எட்டிப் பார்த்தால் எட்டு, அப்புறம் பன்னிரண்டு. பல்கனிக்கு அதுவே போதும். துளசிக்கு எட்டிலிருந்து பத்து அங்குலம். அடியில் கல் அடுக்குவதால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பது சரியல்ல. கல்லுக்கு மேலே இருக்கும் மண் நனைந்தபடியேதான் நிற்கும், வேருக்கு இருக்கிற இடமும் குறையும். துளையை ஒரு ஓட்டுத்துண்டால் மூடினால் போதும்.

வடக்குப் பார்த்த பல்கனி. வெயிலே வரவில்லை என்று விட்டுவிடலாமா?

எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இலங்கை பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வரும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. மார்கழி, தையில் வெயில் தேவைப்படும்போது அது தெற்குப் பல்கனிக்குத்தான் கிடைக்கிறது. வடக்குப் பல்கனிக்காரர்கள் அந்த மாதங்களில் சாடியை வேறு ஜன்னலுக்கு மாற்ற வேண்டும்.

எனக்கு விருப்பம் கிழக்குத்தான். மலைநாட்டில் மத்தியானத்துக்குப் பிறகு முகில் மூடுவதும் மழை இறங்குவதும் வழக்கம். நம்பக்கூடிய வெயில் காலை வெயில், அது இலையில் இருக்கும் பனியையும் சீக்கிரம் உலர்த்திவிடும். இரண்டு செடிக்கும் நாலைந்து மணி நேர நேரடி வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் கறிவேப்பிலை பிழைத்துக்கொள்ளும், துளசி ஒல்லியாக நீண்டு சரியும்.

இரவில் உள்ளே எடுத்து வைக்க வேண்டுமா?

நுவரெலியாவில் தை, மாசியில் வானம் தெளிந்த இரவுகளில் துளசியை எடுத்து வையுங்கள். பத்துப் பாகைக்குக் கீழே துளசி இலை கறுத்துத் தொங்கும். ஹட்டனுக்குத் தேவையில்லை.

தொடர்மாடிப் பல்கனிக்கு ஒரு நன்மை உண்டு. மேல் மாடியின் தளம் கூரையாக இருப்பதால் உறைபனி நேரடியாக இறங்காது. வெட்டவெளியில் நிற்கும் செடிதான் இரவில் வெப்பத்தை வானத்துக்கு இழக்கும். சாடியைக் கம்பி ஓரத்திலிருந்து உள்சுவரோரம் நகர்த்துங்கள். பகல் வெயிலில் சூடான சுவர் இரவில் கொஞ்ச நேரம் அந்தச் சூட்டைத் தரும். மாபிள் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்தால் வேர்ப்பகுதி அவ்வளவு குளிராது, தண்ணீரும் தடையில்லாமல் வடியும்.

துளசி மார்கழியில்தான் பூசைக்கு நிறைய வேண்டும், அப்போதுதான் இலையே இல்லை. என்ன செய்யலாம்?

சிக்கலே அதுதான். பெருமாளுக்கு மாலை கட்டும் மாதமும் துளசி மிக மெதுவாக வளரும் மாதமும் ஒன்றாக வருகின்றன. மார்கழிக்கான வேலையை ஆவணி, புரட்டாசியிலேயே செய்ய வேண்டும். அப்போது கதிர் எட்டிப் பார்க்கும்போதே இரண்டு இலைக்கணு சேர்த்துக் கிள்ளிவிட்டால் ஒவ்வொரு கிள்ளலுக்கும் இரண்டு கிளை வரும். கதிரை விதை முற்றும்வரை விட்டால் செடி அடித்தண்டு மரமாகி இலை சிறுத்துவிடும். ஐப்பசி நடுவோடு கிள்ளுவதை நிறுத்துங்கள். பிறகு மார்கழியில் ஒரு கிளைக்கு நாலு ஜோடி இலையாவது விட்டு, மேலே உள்ளதை மட்டும் பறியுங்கள். ஞாயிறு, துவாதசி, மாலை நேரம் பறிக்கக் கூடாது என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் தொடருங்கள், செடிக்கும் ஓய்வு கிடைக்கும்.

ஒரே செடியை நம்பி இருக்காதீர்கள். துளசி எப்படியும் இரண்டு மூன்று வருடத்தில் கிழடு தட்டிவிடும். பங்குனியில் பூக்காத நுனி நாலு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, தண்ணீர்க் கிளாசில் ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். அது ஒரு அங்குலம் ஆனதும் யோகட் கோப்பையில் துளை போட்டு மண்ணில் நடலாம்.

துளசிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தினமும் விளக்கும் ஏற்றுகிறோம். அதனால் கெடுமா?

சிட்டிகை மஞ்சளால் ஒன்றும் ஆகாது. பாலும் சீனி போட்ட நைவேத்தியமும் மண்ணில் விழுந்தால் எறும்பு வரும், புளித்து நாறும். எண்ணெய் சிந்தினால் மண் தண்ணீரை உறிஞ்சாது. விளக்கைச் சாடிக்குள் வைக்காமல் முன்னால் ஒரு தட்டில், இலையிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒரே பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் கருகி இருந்தால் அது நோயில்லை, விளக்குச் சூடு.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே?

அவர்கள் ஊரில் தண்ணீர் உப்பு, மண் சுண்ணாம்பு. அங்கே மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, புளிப்புச் சேர்த்தால் கொஞ்சம் இளகும். நம் மண் ஏற்கெனவே புளிப்பு. இங்கே மோர் தேவையே இல்லை, குளிரில் அது மண்மேல் வெள்ளைப் பூஞ்சணமாகப் படியும். மோரைக் குடியுங்கள்.

தேத்தண்ணி வடித்த தூளைப் போடலாமா?

பாலும் சீனியும் சேராத தூள் என்றால் கொம்போஸ்ட் வாளியில் போட்டு மக்கவிட்டுப் போடலாம். பச்சையாகச் சாடியில் கொட்டினால் காய்ந்து தகடு மாதிரி மூடிக்கொண்டு, மேலே ஈரமும் பூஞ்சணமுமாக நிற்கும். இனிப்புச் சேர்ந்த தூள் எறும்பை அழைக்கும். எறும்பு வந்தால் மாவுப்பூச்சியும் நிலைத்துவிடும், ஏனென்றால் அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைப் பாதுகாக்கும்.

பசளையைப் பொறுத்தவரை, பங்குனி முதல் புரட்டாசி வரை மாதம் ஒரு கைப்பிடி கொம்போஸ்ட் அல்லது மக்கிய மாட்டெரு போதும். ஐப்பசியிலிருந்து மாசி வரை எதுவும் வேண்டாம்.

எப்படிப் பறிப்பது? இலை இலையாகவா, கிளையோடா?

கிளை நுனியோடு. கொழுந்து எடுத்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈர்க்கு ஈர்க்காக உருவினால் மொட்டைத் தண்டு உயரமாகப் போய்க்கொண்டே இருக்கும். நுனியை ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் பக்கத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். கன்று ஒரு முழம் தாண்டும்வரை கறிக்குப் பறிக்க வேண்டாம். பங்குனியில் வருடம் ஒருமுறை கவாத்து வெட்டுங்கள். முட்டிக்கால் உயரத்துக்குக் குறைத்தாலும் ஆரோக்கியமான செடி தாங்கும். குளிரில் மட்டும் வெட்டாதீர்கள், வெட்டிய நுனியிலிருந்து காய்ந்துகொண்டே இறங்கும்.

கொழுந்தெல்லாம் சுருண்டு, வெள்ளை நூல் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது.

அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளின் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். சுருண்ட கொழுந்தை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். பிறகு ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மழை இல்லாத நாளில், வெயில் சாய்ந்த பிறகு, வாரம் ஒருமுறை, மூன்று வாரம். தெளித்த இலையைச் சில நாள் விட்டு, நன்றாகக் கழுவித்தான் கறிக்குப் போட வேண்டும். பக்கத்தில் தேசிக்காய் அல்லது தோடைச் செடி வைத்திருந்தால் இதை அலட்சியம் செய்யாதீர்கள். இதே பூச்சிதான் அவற்றுக்கு இலை மஞ்சளாகிக் காய் பச்சையாகவே நிற்கும் நோயைப் பரப்புகிறது. கறிவேப்பிலை சாகாது, தோடை செத்துவிடும்.

குருவி எச்சம் போல இலைமேல் ஒட்டியிருந்தால் அது தேசிக்காய் வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிதானால் பச்சையாகி ஒரே நாளில் கன்றை மொட்டையடிக்கும். கையால் எடுத்துவிட்டால் போதும், மருந்து எதற்கு?

துளசி இலையில் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் கண்டால் அது சிலந்திப்பேன். மழை படாத பல்கனியில், காய்ந்த மாதங்களில் வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் இலையின் அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே குறைந்துவிடும்.

விதை போடவா, கன்று வாங்கவா? எப்போது?

கன்று. அதுவும் பங்குனியில், உங்கள் ஊருக்குப் பக்கத்து உயரத்தில் வளர்ந்ததாக. நுவரெலியாக்காரர்கள் கண்டிக் கன்றைவிட ஹட்டன், வெலிமடைக் கன்றைத் தேடுவது நல்லது. கறிவேப்பிலை விதையைப் பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு, சதையைக் கழுவிவிட்டு நட வேண்டும். காய்ந்து கடையில் கிடக்கும் விதை முளைக்காது. வீட்டிலே கிழட்டு மரம் இருக்கும் உறவினர் யாராவது இருந்தால், அடியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றைக் கொஞ்சம் வேரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள், அதுவும் நன்றாகப் பிடிக்கும்.

கீழ் மாடிக்காரர் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறார். தட்டு வைத்தால் போதுமா?

போதும், ஆனால் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் காலி செய்ய வேண்டும். தேங்கினால் வேர் அதை மறுபடி உறிஞ்சி ஊறும். கண்டி, கம்பளைப் பக்கம் என்றால் நுளம்பும் பெருகும், டெங்கு பார்க்க வரும் சுகாதாரப் பரிசோதகர் முதலில் குனிந்து பார்ப்பது அந்தத் தட்டைத்தான். சாடியைச் செங்கல்லோடு சேர்த்துத் தட்டில் உயர்த்தி வைத்தால், காலி செய்ய மறந்த நாளில் வேராவது தப்பும்.